புதுப்பிப்பு: இருப்பாய்வில் 540 வித்தியாசம்

"பற்றுப் பத்தி வரவைவிட 540 குறைவாக நிற்கிறது; கூட்டல் சரி. எங்கே தேடுவது?"

பிழை கிடைத்துவிட்டது. பாதித்தொகையான 270 பக்கம் மாறி விழுந்திருக்கும் என்று ஒருவர் சொன்னது முறையான யோசனைதான். ஆனால் அந்தத் தொகையே எங்கள் பேரேட்டில் இல்லை. 540 ஒன்பதால் மீதியின்றி வகுபட்டு 60 வருவதைச் சுட்டிய மூத்த கணக்கர், நூறாம் இலக்கமும் பத்தாம் இலக்கமும் இடம் மாறியிருந்தால் அவற்றுக்கிடையே 6 வித்தியாசம் இருக்கும் என்றும், 600 என்பது 60 ஆக எழுதப்பட்டிருந்தாலும் இதே தொகை வரும் என்றும் விளக்கினார். அதன்படி குறிப்பேட்டில் 8-2, 7-1, 9-3, 6-0 இலக்கங்கள் அடுத்தடுத்து வந்த பற்றுகளை மட்டும் பேரேட்டோடு ஒப்பிட்டேன். பழுதுபார்ப்புச் செலவு 1,820, பேரேட்டில் 1,280 என ஏறியிருந்தது; ரொக்க ஏட்டின் வரவுப் பக்கத்தில் 1,820 சரியாகவே இருந்தது. திருத்தியதும் இரு பத்திகளும் சமமாயின.

தம் இருப்பாய்வு பொருந்தியும் ஒரு வாடிக்கையாளரின் பாக்கி தவறாக வருகிறது என்று எழுதியவரின் சிக்கல் வேறு. ஒருவரின் கணக்கில் ஏற வேண்டியது மற்றொருவர் கணக்கில் அதே பக்கத்தில் ஏறினால் இருப்பாய்வு அதைக் காட்டாது. எங்கள் ஏட்டிலும் அப்படி ஏதேனும் உண்டா என்பதை வாடிக்கையாளர்களின் கணக்கு அறிக்கைகளோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.