ஆஃப்செட் பக்கப் பிரிப்பு: எண்ணிக்கை சரி, வரிசை தப்பு

கெடிலம்: கடலூர் முதுநகர் மீன் ஏலப் பட்டியலுக்கு ஒரு ஏபிஐ. புதுசு மேல, பக்கத்துக்கு 10. ஆள் பாத்துக்கிட்டு இருக்கும்போதே புது ஏலம் ஏறினா வரிசை விட்டுப்போகுமா, இரட்டிக்குமா? எப்படி சோதிக்கிறது?

வில்லியனூரான்: புதுசு ஏறினா இரட்டிக்கும், அவ்வளவுதான். எதையாவது அழிச்சாத்தான் விட்டுப்போகும். வாங்கின வரிசைகளை எண்ணி டேபிளோட ஒப்பிடுங்க, போதும்.

உப்பனாறு: எண்ணினா ஏமாந்துடுவீங்க. ஐடி 1 முதல் 30 வரை போடுங்க. முதல் பக்கத்தைக் கூப்பிட்டா 30 முதல் 21 வரை வரும். அதுக்கப்புறம் டெஸ்டே 31, 32, 33-ஐச் சேர்க்கட்டும். பின்னணியில லோடு ஓடவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பாதீங்க. அடுத்து இது:

```sql
SELECT id FROM lots
ORDER BY id DESC LIMIT 10 OFFSET 10;
```

23 முதல் 14 வரை வரும். 23, 22, 21 ரெண்டாவது தடவை. காலிப் பக்கம் வரைக்கும் போனா கையில 33 வரிசை, டேபிள்லயும் 33. எண்ணுற டெஸ்ட் பாஸ்! ஆனா அதுல வேற வேற ஐடி 30தான். மூணு புதுசும் வரவே இல்லை. அதனால ஐடிகளை ஒரு செட்ல போட்டு, இரட்டிச்சது எது, விட்டது எதுன்னு தனித்தனியாப் பாருங்க.

இன்னொண்ணு, முதல் பதில்ல வந்த மொத்தம் 30-ஐ வச்சு ஆப் மூணே பக்கத்தோட நின்னா, 3, 2, 1 கண்ணுலயே படாது. எதையும் அழிக்கலையே!

வில்லியனூரான்: அது ஆப் நிறுத்துற இடத்தோட தப்பு, ஆஃப்செட்டோட தப்பு இல்ல. ஆப்லயே ஐடி பாத்து இரட்டையைத் தள்ளிட்டா முடிஞ்சுது.

உப்பனாறு: இரட்டையைத் தள்ளலாம். வராததை எங்க போய்த் தேடுவீங்க? முதல் பக்கத்துக்கப்புறம் 25-ஐ அழிச்சா 20 மேல ஏறிடும், ரெண்டாம் பக்கம் 19-லதான் ஆரம்பிக்கும்.

முத்தியால்பேட்டை: எங்க லிஸ்ட்ல புதுசா எதுவும் சேராமலே இரட்டிக்குது. தேதியை வச்சு வரிசைப்படுத்துறோம்.

உப்பனாறு: அது வேற வியாதி. ஒரே தேதியில பல வரிசை இருந்தா, அதுக்குள்ள எது முந்தின்னு டேட்டாபேஸ் உறுதி தராது. தேதிக்குப் பின்னால ஐடியையும் சேருங்க. கெடிலம், உங்களுக்கு இது:

```sql
SELECT id FROM lots
WHERE id < 21 ORDER BY id DESC LIMIT 10;
```

கடைசியாப் பாத்த ஐடியில இருந்து பிடிக்குது. அதே டெஸ்ட்ல 20 முதல் 11 வரை வரணும்.

கெடிலம்: வந்துச்சு. ஆனா நேரா 7-ஆம் பக்கத்துக்குத் தாவ பொத்தான் வேணும்னு வியாபாரிங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க.

வில்லியனூரான்: `WHERE id <= 30`-னு மேல பூட்டிட்டு ஆஃப்செட்டையே வச்சுக்கோங்க.

உப்பனாறு: புதுசு ஏறினா தாங்கும். ஏலம் ரத்தாகி வரிசை போனா திரும்ப அதே 20 கதைதான். ஒரு நாளைக்கு எத்தனை ரத்தாகுது?