“உறுதி” என்று பதில் வந்தும் சந்திப்பு நடக்கவில்லை

கடிகாரமுள்
நான் இருப்பது லண்டன், அவர் நியூயார்க். டிசம்பரிலேயே பேசி வைத்தோம்: மார்ச் 12, வியாழன், அவருக்குக் காலை 10, எனக்கு மதியம் 3. டைரியில் “3 மணி” என்று மட்டும் எழுதிக்கொண்டேன். முந்தின வாரம் “வியாழன் உறுதிதானே?” என்று கேட்டேன். “உறுதி” என்று பதில். அன்றைக்கு 2.40க்கு மெயிலைத் திறந்தால், “அரை மணி நேரம் பார்த்தேன், கிளம்புகிறேன்” என்று 2.31க்கே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், பிரிட்டனில் கடைசி ஞாயிறுதான். நடுவில் வித்தியாசம் 5 மணி நேரம் இல்லை, 4. “கிளம்புகிறேன்” என்ற அந்த வரி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

தென்றல்77
காலண்டர் செயலியில் அழைப்பு அனுப்பியிருந்தால் அதுவே சரியான நேரத்தைக் காட்டியிருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடும்.

ஓலைச்சுவடி
செயலியை நம்பித்தான் நான் போனேன். ஐந்து மாதம் முன்னால் வாங்கிய நேரம், “ஏற்றுக்கொண்டார்” என்று பச்சைக் குறி அப்படியே இருந்தது. போனால் அந்த நாற்காலியில் வேறொருவர். “எந்த விஷயமாக வந்தீர்கள்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் பார்க்கப் போனவர் வேறு பிரிவுக்குப் போய் இரண்டு மாதமாம். என் விவரம் எதுவும் இவரிடம் வரவில்லை.

நடுவாசல்
தென்றல், நீங்கள் சொல்வது பாதி சரி. அழைப்பில் நேர மண்டலமும் சேர்ந்து போகும், கையால் டைரியில் எழுதிய “3 மணி”யில் அது கிடையாது. ஆனால் ஆள் மாறியதைச் செயலி எங்கே சொல்லும்? அந்தக் குறி, அன்றைக்குச் சரி என்றார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

பல வருடம் இன்னொருவருடைய நாள்களைக் கவனித்துக்கொள்வதே என் வேலை. “உறுதிதானே?” என்று கேட்டால் யோசிக்காமலே “ஆம்” வரும். அதனால் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவேன்: “மார்ச் 12, வியாழன், உங்களுக்குக் காலை 10, எங்களுக்கு மதியம் 2. உங்கள் பக்கம் நீங்களும் கணக்காளரும். பேசப்போவது ஒப்பந்தப் புதுப்பிப்பு. இதில் ஏதாவது மாறியிருக்கிறதா?” இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், தப்பு இருந்தால் எதிர்த்தரப்பே பிடித்துவிடும். இதைப் பத்து நாள் முன்பே அனுப்புங்கள், மாற்ற இடம் இருக்கும். முந்தின நாள் இணைப்போ இடமோ மட்டும் போதும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், போனில் கூப்பிடுங்கள்.

தென்றல்77
பெரிய ஆள்களிடம் இப்படிக் கேட்க எனக்கு இன்னும் கூச்சம்தான்.

கடிகாரமுள்
எனக்கு அவருடைய போன் நம்பர் தெரியாது. மன்னிப்பும் கேட்டு, இரண்டு ஊர் நேரமும் போட்டு வேறு தேதி எழுதி ஒன்பது நாள் ஆகிறது, பதில் இல்லை. இன்னொரு முறை எழுதட்டுமா?