மறுப்பா, மறுமொழியா, தடைவிடையா? மதிப்பாய்வாளருக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு பெயர் வேண்டும்

மீனாட்சி:

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பயிலரங்கு. வியாழன் மாலைக்குள் கையேடு அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை, அதைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளர் காட்டிய குறைகளோடு திரும்பி வருகிறது. திருத்திய கட்டுரையோடு, எந்தக் குறைக்கு என்ன செய்தோம், எதை ஏன் செய்யவில்லை என்று பணிவாக ஒரு கடிதம் வைக்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன? வகுப்பில் 'ரிபட்டல்' என்றே பழகிவிட்டோம். போன முறை 'மறுப்புக் கடிதம்' என்று தலைப்பிட்டேன். அதைப் பார்த்த மாணவர் ஒருவர், பயிற்சியில் கொடுத்த பத்துக் குறைக்கும் 'மறுக்கிறோம்' என்றே தொடங்கி எழுதிவிட்டார்.

கையேட்டில் நான் வைத்திருக்கும் மாதிரி ஒரு கற்பனைக் கட்டுரை. 24 கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் புளோரைடு அளக்கிறார்கள். மழைக்குப் பின் அளவு கூடுகிறது என்பதுதான் கட்டுரையின் உயிர். மதிப்பாய்வாளர் கேட்கிறார்: '24 கிணற்றை வைத்துக்கொண்டு மாவட்டம் முழுவதற்கும் எப்படிச் சொல்வீர்கள்?'

விடையின் முதல் பாதி: 'சரியான கேள்வி. மாவட்டம் என்றது மிகை. தலைப்பிலும் முடிவுரையிலும் மூன்று ஊராட்சிகள் என்று சுருக்கிவிட்டோம்.' இரண்டாம் பாதி: 'மழைக்குப் பின் கூடுகிறது என்பதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறோம். நாங்கள் ஒரு கிணற்றை இன்னொரு கிணற்றோடு ஒப்பிடவில்லை. அதே கிணற்றை இரண்டு முறை அளந்தோம். ஓர் அளவிலிருந்து மற்றதைக் கழிக்கிறோம், கிணற்றுக்குக் கிணறு உள்ள வேறுபாடு அந்தக் கழித்தலிலேயே போய்விடுகிறது.'

பாதி ஏற்பு, பாதி மறுப்பு. இதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது?

செல்வம்:

மறுப்புதானே சரி? எங்கள் கணினித் துறை மாநாடுகள் பலவற்றில் கட்டுரையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விட மாட்டார்கள். சில நாள் அவகாசம், ஒரு பக்கம் இடம். அதற்குள் நம் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் முடிவு. திருத்துவதற்கே வழியில்லாதபோது ஏற்பு எங்கிருந்து வரும்? 'மறுப்பு' என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

மீனாட்சி:

செல்வம், நீங்கள் சொல்வது வேறு பண்டம். ஆய்விதழில் கடிதமும் திருத்திய கட்டுரையும் சேர்ந்தே போகும். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வேதியியலும் தாவரவியலும். மாநாட்டு மறுப்பை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

இராமசாமி:

அம்மா, ஆயிரம் ஆண்டுக்கு மேல் உரையாசிரியர்கள் செய்த வேலைக்கு நீங்கள் இப்போது பெயர் தேடுகிறீர்கள். நன்னூல் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒரு நூற்பா உண்டு. உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு, தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு, இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு, பிறர்நூல் குற்றம் காட்டல், பிறிதொடு படாஅன் தன்மதம் கொளல். இங்கே மதம் என்றால் கொள்கை.

உங்கள் கிணற்றுக் கதையை இதில் வைத்துப் பாருங்கள். தலைப்பைச் சுருக்கியது உடன்படல். அதே கிணற்றை இரண்டு முறை அளந்தோம் என்று நின்றது தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு. ஒரு மதிப்பாய்வாளர் 'முன்னுரையைக் குறையுங்கள்' என்கிறார், மற்றவர் 'முன்னுரை போதாது' என்கிறார் என்றால், இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு. ஒன்றைத் தேர்ந்து, ஏன் தேர்ந்தோம் என்று இருவருக்கும் தெரியும்படி எழுத வேண்டும். ஆறாவதை மட்டும் தொடாதீர்கள். மதிப்பாய்வாளர் எழுதிய கட்டுரையில் குற்றம் காட்டுவது நமக்கு ஆகாது.

சொல்லுக்கு வருகிறேன். உரைகளில் ஒரு தடையை எழுப்பி அதற்கு விடை சொல்லும் முறைக்குப் பெயர் 'தடைவிடை'. ஏன் புதிதாக ஒன்று?

பிரகாஷ்:

ஐயா, நூற்பா அபாரம். 'தடைவிடை' என்று கையேட்டில் பார்த்தால் என் மாணவர்கள் தடையில்லாச் சான்றிதழ் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மீனாட்சியின் மாதிரியில் இன்னொரு குறையையும் சேர்க்கலாம். புளோரைடை மின்முனை வைத்து அளக்கும்போது நீரில் அலுமினியமோ இரும்போ இருந்தால் அது புளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கருவி குறைத்துக் காட்டும். அதை விடுவிக்கத்தான் தாங்கல் கரைசல் ஊற்றுகிறோம். கட்டுரையாளர்கள் ஊற்றியிருக்கிறார்கள், எழுத மறந்துவிட்டார்கள். மதிப்பாய்வாளர் 'உங்கள் அளவையே நம்ப முடியவில்லை' என்று எழுதிவிடுகிறார்.

இங்கேதான் மாணவருக்குக் கோபம் வரும். 'வேதியியல் படித்த யாருக்கும் இது தெரியும்' என்று எழுதிவிடுவார். எழுத வேண்டியது இது: 'தாங்கல் கரைசல் சேர்த்தே அளந்தோம். அதைக் குறிப்பிடாதது எங்கள் குறை. இப்போது செய்முறைப் பகுதி, வரி 112இல் சேர்த்திருக்கிறோம்.' அளவையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆளையும் சீண்டவில்லை. கடிதத்தைப் பதிப்பாசிரியரும் படிக்கிறார், முடிவு அவர் கையில். அவர் வரி 112ஐத் திறந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

கோபத்துக்குப் பெரிய எடுத்துக்காட்டு ஐன்ஸ்டைன். 1936இல் அவரும் ரோசனும் ஈர்ப்பலைகளே இல்லை என்னும் முடிவோடு 'பிசிக்கல் ரிவியூ'வுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் அதை மதிப்பாய்வுக்கு அனுப்பி, நீண்ட அறிக்கையோடு திருப்பினார். அச்சாகும் முன் நிபுணருக்குக் காட்ட யார் அனுமதித்தது என்று எழுதிவிட்டு ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அறிக்கை எழுதியவர் ராபர்ட்சன் என்னும் இயற்பியலாளர் என்பது பல பத்தாண்டு கழித்துத்தான் உறுதியானது. வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதுதான் சரி. 1937இல் வேறு இதழில் வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது.

அறிவன்:

ஐன்ஸ்டைனை விடுங்கள். யாரோ 'பதில் கடிதம்' என்று போட்டுவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் முந்திக்கொண்டு எழுதுகிறேன். பதில் அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். 'விடை' இருக்கும்போது அது எதற்கு? விடைமடல் என்க. விடு என்னும் வேரடி. சிக்கலை விடுவிப்பது விடை, விடுகதையை விடுவிப்பதும் அதே வேர்...

செல்வம்:

விடைமடல் என்றால் விடைபெற்றுப் போகும் மடல் மாதிரி இருக்கிறது. கல்லூரி மலரில் நான்கு வரி எழுதுவார்களே, அது. விடை என்றால் காளை வேறு.

பிரகாஷ்:

மடல் மட்டும் என்ன? காதல் கைகூடாதவன் ஏறுவது மடல். கடுமைக்குப் பேர்போன இரண்டாம் மதிப்பாய்வாளரிடம் அதுவும் பலிக்காது.

கலா (யாழ்ப்பாணம்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கட பக்கம் மீளாய்வாளர் என்றுதான் சொல்லுவம். எனக்கு ஒரு சந்தேகம். என்ர கட்டுரையைப் போன மாதம் நிராகரிச்சிட்டினம். ஒரு மீளாய்வாளர் ஏழு கட்டுரைகளைக் கட்டாயம் மேற்கோள் காட்டச் சொல்லியிருந்தார். ஏழும் ஒரே ஆள் எழுதினது. இதுக்கு நான் இந்த மறுப்புக் கடிதத்தை எழுதலாமோ? எந்தச் சொல்லில எழுதினாலும் பரவாயில்லை.

மீனாட்சி:

கலா, நிராகரித்த பிறகு எழுதுவது இந்தக் கடிதம் இல்லை, மேல்முறையீடு. அது பதிப்பாசிரியருக்கு மட்டும் போகும். முடிவே தவறான புரிதலில் எடுக்கப்பட்டது என்று காட்ட முடிந்தால்தான் பலன் உண்டு. ஏழு கட்டுரை விஷயத்தை அதில் ஒரு பத்தியாக, குற்றச்சாட்டுத் தொனி இல்லாமல் எழுதுங்கள்: 'இந்த ஏழையும் படித்தோம். இரண்டு எங்கள் பொருளோடு தொடர்புடையவை. மற்றவற்றைச் சேர்க்கக் காரணம் தெரியவில்லை, தங்கள் கருத்து வேண்டும்.' எது உண்மையில் பொருந்துகிறது என்று நீங்கள் படித்துத்தான் எண்ணிக்கை போட வேண்டும். பெயர்களை அவர் பார்த்தாலே புரிந்துகொள்வார்.

கலா:

நன்றி அக்கா. மூண்டு பொருந்துது.

இராமசாமி:

மதிப்பாய்வு என்றதும் இறையனார் களவியல் உரைக் கதை நினைவுக்கு வருகிறது. அந்த நூலுக்குப் புலவர்கள் சொன்ன அத்தனை உரையையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அமர்த்தியது உருத்திரசன்மன் என்னும் ஊமைப் பிள்ளையை. மருதன் இளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் கண்ணீர் வார்ந்தது. நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் வார்ந்தது. எழுத்தில் குறை ஒன்றும் தராத மதிப்பாய்வாளர்! அவருக்கு யார் என்ன கடிதம் எழுத முடியும்?

மறுப்பு கடுமையான சொல் என்கிறீர்கள். சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கம்' என்னும் நூலை மறுத்து எழுதியதற்குச் சூட்டிய பெயர் 'சூறாவளி'. மறுப்பு அதைவிட மென்மைதான்.

மீனாட்சி:

ஐயா, சூறாவளி என்று தலைப்பிட்டால் மாணவர்கள் அப்படியே எழுதிவிடுவார்கள். இன்று புதன். என்னிடம் இப்போது இருப்பது 'மதிப்பாய்வாளர் மறுமொழி'. மறுமொழி பழைய சொல், மறுத்தலின் சாயலும் இருக்கிறது, கேட்டவுடன் புரிகிறது.

அறிவன்:

புரியும், தவறாகப் புரியும். மதிப்பாய்வாளர் மறுமொழி என்றால் மதிப்பாய்வாளரது மறுமொழியா, மதிப்பாய்வாளருக்கு மறுமொழியா? ஆறாம் வேற்றுமைத் தொகையா, நான்காம் வேற்றுமைத் தொகையா? படிப்பவர் முதலில் ஆறாவதாகத்தான் எடுப்பார்.

பிரகாஷ்:

முதன்முறையாக அறிவனோடு உடன்படுகிறேன். 'மதிப்பாய்வு மறுமொழி' என்று ஆளை எடுத்துவிட்டால்? ஆய்வு தானாக மறுமொழி சொல்லாது, அதனால் ஆய்வுக்கு என்றுதான் விரியும்.

செல்வம்:

வலைப்பதிவு நாளிலிருந்து மறுமொழி என்றால் பதிவின் அடியில் போடும் கருத்து. எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. சரி, நான் எதிர்க்கவில்லை. மாநாட்டுக்கு 'மறுப்பு' என்று தனியாக வைத்துக்கொள்கிறேன்.

மீனாட்சி:

இன்று மதியம் அனுப்பிவிட்டேன். தலைப்பு 'மதிப்பாய்வு மறுமொழி'. உள்ளே மாதிரிக் கடிதத்தின் ஓரத்தில் ஐயா சொன்ன பெயர்களைப் போட்டிருக்கிறேன். தலைப்பைச் சுருக்கிய இடத்தில் 'உடன்படல்', ஒரே கிணற்றை இரு முறை அளந்த இடத்தில் 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு'. முன்னுரை பற்றிய முரண்பாட்டையும் சேர்த்தேன், 'ஒருதலை துணிவு' என்று. அச்சகத்தில் தட்டச்சு செய்பவர் 'தாஅன்' என்பதை எழுத்துப்பிழை என்று 'தான்' ஆக்கியிருந்தார். அளபெடை என்று சொல்லித் திரும்ப மாற்ற வைத்தேன்.

அறிவன்:

மதிப்பாய்வு என்பதிலேயே எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மதிப்பதும் ஆய்வதும் இரண்டு வேலை அல்லவா? வேறு இழை தொடங்குகிறேன்.

இராமசாமி:

அச்சானதற்கு மகிழ்ச்சி. என் மாணவர்களுக்கு நான் தடைவிடை என்றே சொல்வேன். உங்கள் சொல்லில் விடை இருக்கிறது, தடை எங்கே அம்மா?