Resolved என்பதற்கு என்ன பெயர் வைக்கலாம்? (பணிநிலைப் பெயர்கள்)

செல்வி எழுதியது:

வணக்கம். ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவின் பணிப்பலகையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். To Do, In Progress இரண்டுக்கும் "செய்யவேண்டியவை", "நடக்கிறது" என்று வைத்தாயிற்று. Resolved, Closed இரண்டில்தான் சிக்கல். நிரலர் தன் வேலையை முடித்ததும் Resolved-க்கு நகர்த்துவார். சோதிப்பவர் பார்த்துச் சரி என்றால் Closed. முதலாவதற்குத் "தீர்ந்தது" என்று வைத்துப் பார்த்தோம். சோதிப்பவர் அதை முடிந்த வேலை என்றே எடுத்துக்கொண்டார்; பணிகள் அங்கேயே தேங்கிவிட்டன. பணி ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைக் குறிக்கும் Transition என்பதற்கும் சொல் வேண்டும். "மாறுநிலை" பொருந்துமா?

முருகன் எழுதியது:

Resolved "தீர்வுற்றது", Closed "நிறைவுற்றது" என்று வைத்தால் வேறுபாடு தெரியும். கூடவே "நிராகரித்தது", "இரட்டிப்பு", "தடைபட்டது", "மீளத் திறந்தது" ஆகியவற்றையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். எந்தப் பணி ஏன் நிற்கிறது என்று பலகையைப் பார்த்ததுமே தெரிய வேண்டும்.

ஞானம் எழுதியது:

முருகன் தம்பி, ஏன் நிற்கிறது என்று தெரிய வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்கெல்லாம் நிலை தேவையில்லை.

செல்வி, "தீர்ந்தது", "தீர்வுற்றது" இரண்டுமே நடந்து முடிந்ததைச் சொல்கின்றன. அடுத்து யார் கைவைக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. உங்கள் சோதிப்பவர் குழம்பியது அதனால்தான். "சோதனைக்கு" என்று மட்டும் வையுங்கள். அது யாருக்கான வேலை என்று பெயரே சொல்லிவிடும். Closed "முடிந்தது" ஆகட்டும். மொத்தம் நான்கு நிலைகள் போதும்.

நிராகரிப்பும் இரட்டிப்பும் முடிந்துபோன பணிகளே. எப்படி முடிந்தன என்பதுதான் வேறு. அதற்கு "முடித்த காரணம்" என்று தனிப் புலம் வையுங்கள். பக்சில்லா என்ற வழுப்பதிவு மென்பொருளில் RESOLVED என்பது நிலை. FIXED, DUPLICATE, WONTFIX எல்லாம் அதனுடன் வரும் காரணங்கள். 2011-இல் வந்த 4.0 பதிப்பின் இயல்பான நிலைகளில் REOPENED இல்லை. திரும்பி வந்த வழுவும் திறந்திருக்கும் வழுதானே. திரும்பி வந்த கதை வரலாற்றில் இருக்கும்.

"தடைபட்டது" விஷயத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கடவுச்சொல் மீட்பு என்ற பணி "சோதனைக்கு" நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சல் சேவையகம் படுத்துவிட, "தடைபட்டது" நிலைக்கு நகர்த்துகிறீர்கள். சேவையகம் எழுந்த பிறகு அந்தப் பணி எங்கே திரும்ப வேண்டும்? முன்பு இருந்த இடத்தைப் பலகை காட்டாது. யாரோ ஒருவர் "நடக்கிறது" என்று போடுவார். நிரலர் திறந்து பார்த்தால் அவர் செய்ய ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு, முடியாத மூன்று நிலைகளிலிருந்தும் அதற்குள் போகவும் வரவும் ஆறு வழிகள் கூடுகின்றன. பணி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்; மேலே ஒரு "தடைக்குறி" போடுங்கள், எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு வரியும் எழுதுங்கள். தடை நீங்கினால் குறியை எடுத்தால் போதும்.

ஃபாத்திமா எழுதியது:

எங்களுடையது நூல் பதிப்புக் குழு. சோதனை என்றால் எங்களுக்குப் பொருந்தாது, "மெய்ப்புக்கு" என்றுதான் வைக்க வேண்டும். எங்கள் சிக்கல் பெயரில் இல்லை. யார் வேண்டுமானாலும் "முடிந்தது" பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அதை எப்படித் தடுப்பது?

ஞானம் எழுதியது:

"மெய்ப்புக்கு" அருமை, அக்கா. வேலைக்கு ஏற்ற பெயர்தான் வேண்டும்.

பொத்தானுக்கு நிலையின் பெயரையே வைக்காமல், செய்யும் செயலை எழுதிப் பாருங்கள். "மெய்ப்புக்கு அனுப்பு", "திருத்தத்துக்குத் திருப்பு", "ஏற்று முடி". கடைசிப் பொத்தானை மெய்ப்புப் பார்ப்பவருக்கு மட்டும் கொடுங்கள். திருப்பும்போது மட்டும் குறிப்பு எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கினால் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள்.

செல்வி, இயற்பியல் பாடநூலில் "மாறுநிலை வெப்பநிலை" என்று ஒன்று வருகிறது; அங்கே அதன் பொருளே வேறு. தவிர, "மாறுநிலை" என்றால் அதுவும் ஒரு நிலை என்றே படும். "நகர்வு" போதும் என்பது என் கருத்து.

முருகன் எழுதியது:

தடைக்குறியை ஒப்புக்கொள்கிறேன். "நகர்வு" பேச்சுக்குச் சரி, ஆவணத்தில் எது நகர்கிறது என்ற கேள்வி வரும். "நிலைமாற்றம்" என்றால் ஐயமே இல்லை. இன்னொன்று: சோதனைக்குக் காத்திருப்பதும் சோதித்துக்கொண்டிருப்பதும் ஒரே நிலையா?

செல்வி எழுதியது:

எங்களிடம் சோதிப்பவர் ஒருவர்தான், அதனால் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். இருவர் ஆனால் ஒரே பணியை இருவரும் எடுக்கக்கூடும். அப்போது "சோதனையில்" என்று பிரிக்கலாம். பலகையில் "சோதனைக்கு", "முடிந்தது", "தடைக்குறி" மூன்றையும் போட்டுவிட்டேன். ஆவணத்தில் "நிலைமாற்றம்" என்று எழுதுகிறேன். எங்கள் குழுவினர் அதற்குள் "நகர்வு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?