கண் பரிசோதனைக் குறிப்புகளைக் கண்வாரியாகப் பிரிக்கும்போது வலதும் இடதும் மாறுகின்றன – உதவி தேவை

கோப்புக்காரன்

வணக்கம். ஒரு கண் மருத்துவமனையின் பழைய வருகைக் குறிப்புகளை, ஒவ்வொரு கண்ணுக்கும் பார்வைத்திறன், கண் அழுத்தம், கண்ணின் உட்பின்பகுதியான ஃபண்டஸ் என்று அட்டவணையாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பைத்தானில் ரெஜெக்ஸ் எழுதி ஓட்டினேன். பெரும்பாலான வரிகள் சரியாகவே விழுகின்றன. ஆனால் சிலவற்றில் வலதும் இடதும் இடம் மாறுகின்றன, முற்றிலும் பார்வையிழந்த சில கண்களுக்கு ஒளி தெரிவதாகப் பதிவாகிறது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். தவறு எங்கே இருக்கும்?

வைகைக்கரை

குறிப்புகள் தட்டச்சு செய்யப்பட்டவையா, கையெழுத்தைப் பார்த்து யாரேனும் ஏற்றியவையா? எத்தனை மருத்துவர்கள் எழுதியவை? நோயாளியின் அடையாளத்தை நீக்கிவிட்டு ஒரு குறிப்பையாவது அப்படியே இங்கே இடுங்கள். அதைப் பார்க்காமல் எதைச் சொன்னாலும் ஊகமாகத்தான் இருக்கும்.

பழைய பெருச்சாளி

மாதிரி வரி இல்லாத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று எத்தனை முறை எழுதியாயிற்று. போகட்டும், தம்பி. கண் மருத்துவத்தில் முதலில் வருவது எப்போதுமே வலது கண். நோயாளி மருத்துவருக்கு எதிரே உட்காருவதால் அவருடைய வலது கண் தாளின் இடப்பக்கம் வருகிறது. இடமிருந்து வலமாகப் படித்தால் வலது கண்ணே முந்தும். இதைப் பிடித்துக்கொண்டால் ரெஜெக்ஸே வேண்டாம்.

மல்லிகைப்பந்தல்

என் கணவருக்கு இடது கண்ணில்தான் அழுத்தம் அதிகம். ஒரு முறை கொடுத்த சுருக்கத் தாளில் அது வலது கண்ணில் ஏறியிருந்தது. சொட்டு மருந்துச் சீட்டில் "இடது கண்ணுக்கு மட்டும்" என்று இருந்ததால்தான் எங்களுக்கே தெரிந்தது. உங்கள் நோயாளிக்கு அழுத்தம் எவ்வளவு என்று சொல்லவில்லையே? முப்பதைத் தாண்டியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கோப்புக்காரன்

அம்மா, இவை பழைய பதிவுகள். என் நோயாளிகள் அல்லர். மருத்துவர்கள் மூவர். கையெழுத்தைப் பார்த்து ஏற்றியவை. மாதிரி இது:

```
V RE 6/9p  LE CF 2m, ph NI
AT 16/34 @11.10
Fundus RE C:D 0.5, NRR healthy
LE no view, dense cat
Adv timolol LE bd
```

இதில் `CF 2m` இரண்டு மீட்டரில் விரல் எண்ணுவது, `ph NI` பின்ஹோல் வைத்தும் பார்வை மேம்படாதது, `AT` கண் அழுத்தம், `C:D` பார்வை நரம்புத் தட்டின் குழிவு விகிதம். `RE` என்ற சொல்லிலிருந்து `LE` வரை உள்ளதை வலது கண்ணுக்கும், அதன் பிறகு வருவதை இடது கண்ணுக்கும் எடுக்கிறேன்.

ஒளிவிலகல்

பதினொரு ஆண்டுகளாக ஆப்டோமெட்ரிஸ்டாக இந்தக் குறிப்புகளை எழுதி வருகிறேன். உங்கள் விதி முதல் வரியில் பொருந்துகிறது. இரண்டாம் வரியில் உடைகிறது. அங்கே கண்ணின் பெயரே இல்லை. முதல் வரி `LE`யில் முடிந்ததால், 16, 34 இரண்டையும் உங்கள் ஸ்கிரிப்ட் இடது கண்ணின் கணக்கில் சேர்த்திருக்கும். முழுக் குறிப்பையும் ஒரே சரமாகக் கொள்ளாமல், முதலில் பார்வை, அழுத்தம், ஃபண்டஸ் என்று பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் கண்ணைப் புதிதாகத் தேடுங்கள். அழுத்தப் பகுதியில் பெயரின்றி இரண்டு எண்கள் இருந்தால் மட்டுமே முதலாவது வலது என்று கொள்ளலாம்.

அதுவும் வழக்கமே தவிரச் சட்டமன்று. பெருச்சாளி ஐயா சொன்ன காரணம் சரிதான். ஆனால் "எப்போதுமே" என்பது சரியன்று. நோயுள்ள கண்ணை முதலில் எழுதும் மருத்துவர்களும் உண்டு. ஒரு கண் மட்டும் உள்ளவருக்கு ஒரே எண்தான் இருக்கும். எனவே ஊகித்து இட்ட கண்ணையும் குறிப்பிலேயே எழுதியிருந்த கண்ணையும் வேறுபடுத்தும் நிரல் ஒன்று அட்டவணையில் இருக்கட்டும்.

இந்தக் குறிப்பு இப்படி வர வேண்டும்:

```
eye,va,pinhole,iop,iop_eye,view,cdr
R,6/9p,,16,inferred,clear,0.5
L,CF 2m,NI,34,inferred,none,
```

இடது கண்ணின் கடைசிக் கட்டம் காலியாக இருப்பதைக் கவனியுங்கள். கண்புரை மறைத்ததால் நரம்புத் தட்டு தெரியவில்லை. அங்கே 0 இட்டால் குழிவே இல்லாத தட்டு என்று பொருளாகிவிடும். "இயல்பு" என்று இட்டால் அதைவிடப் பெரிய பொய். வலது கண்ணின் பின்ஹோல் கட்டமும் காலிதான், ஆனால் அங்கே குறிப்பிலேயே எதுவும் எழுதப்படவில்லை. பார்க்க முடியாததும் எழுதாமல் விட்டதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத்தான் `view` நிரல் காப்பாற்றுகிறது.

34 இடது கண்ணுடையதுதானா என்பதற்கு மல்லிகைப்பந்தல் அம்மா சொன்னதே சோதனை. கடைசி வரியில் அழுத்தம் குறைக்கும் டிமோலால் இடது கண்ணுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது, அது பொருந்துகிறது. அதே நோயாளியின் அடுத்தடுத்த வருகைகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இரு கண்களின் எண்களும் ஒரே ஒரு வருகையில் மட்டும் தலைகீழாகி மறு வருகையில் பழையபடி திரும்பினால், நோய் மாறவில்லை, பதிவுதான் மாறியிருக்கிறது.

வைகைக்கரை

ஒளி தெரிவதாக வரும் சிக்கல் இன்னும் தீரவில்லை. ரெஜெக்ஸுக்கு முன்னால் உரையைச் சுத்தம் செய்கிறீர்களா?

கோப்புக்காரன்

ஆம், சாய்கோட்டையும் புள்ளியையும் தவிர மற்றக் குறியீடுகளை நீக்கிவிடுகிறேன். அது எல்லோரும் செய்வதுதானே என்று சொல்லாமல் விட்டேன்.

வைகைக்கரை

அங்கேதான் போயிற்று. `PL -ve` என்றால் ஒளி உணர்வு இல்லை. கழித்தல் குறியை நீக்கினால் `PL ve` மிஞ்சுகிறது. உங்கள் ஸ்கிரிப்ட் `PL`ஐக் கண்டு ஒளி தெரிகிறது என்று எழுதுகிறது. `NPL`க்குள்ளும் அதே இரண்டு எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. குறியீடுகளை நீக்காதீர்கள், மறுப்பு வடிவங்களை முன்னால் வையுங்கள்:

```
NPL|no\s+PL|PL\s*-\s*ve|PL
```

பழைய பெருச்சாளி

இவ்வளவு பாடும் எதற்கு? எல்லாப் பார்வையையும், மடக்கை அளவில் பார்வைத்திறனைச் சொல்லும் லாக்மார் எண்ணாக்கி விடுங்கள். எண் கூடக் கூடப் பார்வை குறைவு. 6/6 என்றால் 0, 6/12 என்றால் 0.3, 6/60 என்றால் 1. இரண்டு மீட்டரில் விரல் எண்ணுவதை 2/60 என்று கொண்டால் 1.48. முடிந்தது கதை.

ஒளிவிலகல்

அந்தக் கணக்கு, விரல் ஏறத்தாழ 6/60 எழுத்தின் அளவு என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 2006இல் வெளியான ஆய்வு, 30 சென்டிமீட்டரில் விரல் எண்ணுபவரின் பார்வையைத் தசமத்தில் ஏறத்தாழ 0.014 என்று அளந்தது. அது லாக்மாரில் 1.85 ஆகும். உங்கள் முறைப்படி அதே தூரத்துக்கு 2.3 வருகிறது. அது கையசைவு மட்டும் தெரிபவருக்கு அந்த ஆய்வு கண்ட அளவு.

பழைய பெருச்சாளி

ஒரு ஆய்வை வைத்து நடைமுறையை மாற்ற முடியாது. மருத்துவமனைகளில் தூரத்தை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

ஒளிவிலகல்

எழுதுவது வேறு, சராசரி எடுப்பது வேறு, ஐயா. மருத்துவர் எழுதிய `CF 2m` அப்படியே ஒரு நிரலில் இருக்கட்டும். லாக்மார் வேண்டுவோர் தாம் நம்பும் முறையைத் தனி நிரலில் கணக்கிட்டுக்கொள்ளட்டும். `6/9p`இல் உள்ள அந்த `p`யையும் தூக்கி எறிய வேண்டாம். அவர் அந்த வரியின் சில எழுத்துகளைத் தவறவிட்டார் என்பதை அது மட்டும்தான் சொல்கிறது.

பழைய பெருச்சாளி

எண்ணாக மாற்றாத அட்டவணையை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று பார்ப்போம்.

கோப்புக்காரன்

பகுதி பிரித்து மறுபடி ஓட்டினேன். ஒளி உணர்வுச் சிக்கல் தீர்ந்தது. ஊகித்த கண்கள் தனியே தெரிகின்றன. மூன்று மருத்துவர்களில் ஒருவருடைய குறிப்புகளில் அழுத்தமும் மருந்து எழுதிய கண்ணும் அடிக்கடி முரண்படுகின்றன. அவர் இடது கண்ணை முதலில் எழுதினாரா, ஏற்றியவர் மாற்றினாரா என்று இன்னும் தெரியவில்லை, மூலத் தாள்களைக் கேட்டிருக்கிறேன். இன்னொன்று: முடிவை எக்செல்லில் திறந்து சேமித்ததில் 6/9 எல்லாம் செப்டம்பர் 6 ஆகிவிட்டது. அந்த நிரலை உரையாக வைத்து மீண்டும் ஏற்றுகிறேன். நன்றி.