ரெண்டு மாசமா சம்பளம் லேட், பாஸ்கிட்ட எப்படி கேக்குறது? (சிங்கப்பூர்)

புதுசா வந்தவன்: ரெனவேஷன் கம்பெனில சைட் சூப்பர்வைசர், எஸ் பாஸ், வந்து ஆறு மாசம் ஆகுது. மாசம் முடிஞ்சு 5ஆம் தேதி சம்பளம்னு ஆஃபர் லெட்டர்ல இருக்கு, ஆனா செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 19 தான் வந்துச்சு, அக்டோபருக்கு நவம்பர் 23. ரூம் வாடகை 650 வெள்ளி ஒண்ணாந்தேதி கட்டணும், ரெண்டு தடவையும் கடன் வாங்கித்தான் கட்டுனேன். பாஸ் நம்ம ஊர்க்காரர் தான், கேட்டா "கிளையண்ட் காசு தரலப்பா"ங்கிறார். இதுக்கு மேல கேட்டா என் எஸ் பாஸ கேன்சல் பண்ணிருவாரோன்னு பயமா இருக்கு.

தேக்கா தம்பி: ப்ரோ 14 நாள் வரைக்கும் அவங்களுக்கு டைம் இருக்கு, சட்டமே அப்படித்தான்.

உட்லண்ட்ஸ் அண்ணன்: தம்பி, 14 நாள் ஓவர்டைம் காசுக்கு. சம்பளத்துக்கு மாசம் முடிஞ்சு 7 நாள் தான். கிளையண்ட் தரலங்கிறது அவர் பிரச்சனை.

கேள்வி கேட்டவருக்குச் சொல்றேன், நேர்ல பேசுங்க, ஆனா அன்னைக்கே வாட்ஸப்லயும் போட்டுருங்க, நாளைக்கு எழுத்துல இருக்குறது தான் நிக்கும். கஷ்டத்த ரொம்ப சொல்ல வேணாம், அப்புறம் அவர் அட்வான்ஸா 200 வெள்ளிய கைல குடுத்து பேச்ச முடிச்சிருவார். தேதிய மட்டும் சொல்லுங்க, இந்த மாதிரி:

"அண்ணே, வணக்கம். செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 19லயும், அக்டோபர் சம்பளம் நவம்பர் 23லயும் வந்துச்சு. லெட்டர்ல 5ஆம் தேதின்னு இருக்கு. நவம்பர் சம்பளம் எந்த தேதி அக்கவுண்ட்ல ஏறும்னு உறுதியா சொல்லுங்க, டிசம்பர் 7 தாண்டாம பாத்துக்கங்க."

"சீக்கிரம் போடுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, அதுக்கு "ஓகே"ன்னு தம்ஸ் அப் வரும், அவ்ளோதான். பேங்க் ஆப்ல சம்பளம் ஏறுன நாள ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பேஸ்லிப்போட வச்சுக்கங்க. பேஸ்லிப் தராம இருந்தா அதுவும் தப்பு தான், கேளுங்க.

ஜூரோங் மச்சான்: எனக்கும் ரெண்டு மாசம் வரல, வேலைய விட்டு நாலு மாசம் ஆச்சு, நானும் இப்படி மெசேஜ் போடவா?

உட்லண்ட்ஸ் அண்ணன்: உங்க கேஸ் வேற. வேலைய விட்டவங்க ஆறு மாசத்துக்குள்ள, சம்பளப் பிரச்சனைய பாக்குற டிஏடிஎம்ல கம்ப்ளைண்ட் போடணும், உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் தான் டைம் இருக்கு. வேலைல இருக்கவங்களுக்கு ஒரு வருஷம். மெசேஜ் போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, முதல்ல கம்ப்ளைண்ட போடுங்க.

தேக்கா தம்பி: அப்ப இவரும் நேரா டிஏடிஎம் போயிறலாமே?

உட்லண்ட்ஸ் அண்ணன்: போலாம். ஆனா இப்ப காசு வந்துருச்சு, லேட் தான். நவம்பர் சம்பளம் 7 தாண்டட்டும், நானா இருந்தா அப்ப போவேன். எஸ் பாஸ கேன்சல் பண்ண மாட்டார்னு என்னால சொல்ல முடியாதுப்பா, அதான் மெசேஜ மரியாதையா வச்சேன்.

புதுசா வந்தவன்: அண்ணே அனுப்பிட்டேன். "10ஆம் தேதி கண்டிப்பா"ன்னு ரிப்ளை வந்துருக்கு. 7க்கு மேல தான, ஒத்துக்கவா?

உட்லண்ட்ஸ் அண்ணன்: ஒத்துக்கிட்டேன்னு எழுதாதீங்க. "சரிண்ணே, 10ஆம் தேதின்னு சொல்லிருக்கீங்க, ஆனா டிசம்பர் சம்பளத்துல இருந்து 5ஆம் தேதியே வேணும்"னு போடுங்க. 11ஆம் தேதி காலைல பேங்க் ஆப்ப பாத்துட்டு இங்க வாங்க.