லைட்னிங்கில் எத்தனை அசை? ஓசையை வைத்துப் பிரித்தவர்கள் சொல்லுங்கள்

பாளை டிடிபி
எங்கள் கடைக்கு டைப் செய்ய வரும் ஆங்கிலக் கடிதங்களில் மூன்று ஜோடிச் சொற்கள் ஓயாமல் இடம் மாறி வருகின்றன. போன வாரம் ஒரு எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டரின் கொட்டேஷன். கட்டடத்துக்கு இடிதாங்கி வைக்கும் வேலை. எல்லா வரியிலும் lightning arrester என்பதை lightening arrester என்று எழுதி, கடைசியில் Kindly advise என்பதை Kindly advice என்று முடித்திருந்தார். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை. மூன்றாவது ஜோடி breath, breathe. எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்யச் சொன்னால் கடைப் பையன்களுக்கு நிற்பதில்லை. காதால் பிரித்துப் பழகியவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

திருச்சி ஸ்போக்கன் டீச்சர்
இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் சார். இந்த மின்னல் விஷயத்தில் நான் கவனித்தது ஒன்று. நம் வாய் 'ட்' என்று நிற்காது, ஒரு உகரம் போட்டு 'லைட்டுனிங்' என்று சொல்லிவிடும். சொல்லும்போதே மூன்று அசை வந்துவிடுகிறதா, எழுதும்போது நடுவில் ஒரு உயிரெழுத்தைக் கை தேடுகிறது. அப்படித்தான் அந்த e உள்ளே வருகிறது.

நான் கை தட்டச் சொல்வேன். வானத்து மின்னலுக்கு இரண்டே தட்டு: லைட்-னிங். 'ட்'டில் நாக்கை மேலே ஒட்டி வைத்து, எடுக்காமலே மூக்கு வழியாக 'ன்'னுக்குப் போக வேண்டும். இடையில் வாய் திறந்தால் உகரம் புகுந்துவிடும். lightening-க்கு மூன்று தட்டு: லை-ட(ன்)-னிங் மாதிரி, நடுவில் மங்கலாக ஒரு உயிர். அது lighten என்ற வினையிலிருந்து வருவது. பாரத்தையோ நிறத்தையோ குறைப்பது. காண்ட்ராக்டர் எழுதியபடி பார்த்தால் எடை குறைவதைத் தடுக்கும் கருவி!

மேடை லைட்டிங் சேகரன்
நாங்கள் கல்யாண மண்டபத்துக்கு லைட்டிங் போடுகிறவர்கள். பில்லில் lighting என்றுதான் போடுகிறோம், e கிடையாது. சரிதானே?

பாளை டிடிபி
அது விளக்கு அண்ணே. உங்கள் சொல்லில் n-உம் நடுவில் கிடையாது. பில் சரிதான், மாற்ற வேண்டாம்.

பிரசவ வார்டு சிஸ்டர்
இதில் தலைகீழாக ஒன்று எங்களுக்கு நடந்தது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இடுப்புக் குழிக்குள் இறங்குவதற்கு எங்கள் பாடத்தில் lightening என்றுதான் பெயர். முதல் பிரசவம் என்றால் வலி வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே இறங்கிவிடலாம். மேல்வயிற்று அழுத்தம் குறைந்து தாய்க்கு மூச்சு விடுவது லேசாகும், அதனால்தான் அந்தப் பெயர். ஒரு மாணவி ரெக்கார்டில் அதைச் சரியாக எழுதியிருந்தாள். பைண்டிங்குக்கு முன் பிழை பார்த்தவர் எல்லாவற்றிலும் e-யை எடுத்துவிட்டார். முப்பத்தாறாவது வாரத்தில் அந்த அம்மாவுக்கு மின்னல் அடித்ததாக ஆகிவிட்டது. மருத்துவத் தாள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்.

இலக்கணப்புலி
மூன்றுக்கும் ஒரே விதி போதும். கடைசியில் e வந்தால் முன்னால் இருக்கும் உயிர் நெடிலாகும், அது வினை. ப்ரெத் குறில், பெயர். ப்ரீத் நெடில், வினை. bath, bathe-உம் அப்படியே. வேறு எதுவும் தேவையில்லை.

திருச்சி ஸ்போக்கன் டீச்சர்
குறில் நெடில் நல்ல அடையாளம்தான் சார், ஆனால் விதி முழுக்க நிற்காது. advice, advise இரண்டிலுமே கடைசியில் e இருக்கிறதே. loath, loathe எடுத்துக்கொள்ளுங்கள், உயிர் இரண்டிலும் ஒன்றுதான். மாறுவது கடைசி மெய். முதலாவதில் வெறும் காற்று, இரண்டாவதில் தொண்டை அதிரும்.

தமிழ்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. 'பத்து' என்று சொல்லுங்கள், 'அது' என்று சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான், ஆனால் இரட்டித்த த வல்லெனவும், இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக நிற்கும் த மெலிந்தும் ஒலிக்கிறது. breath-ஐ 'ப்ரெத்து' என்றும் breathe-ஐ 'ப்ரீது' என்றும் ஊர்ப்பேச்சில் சொல்லிப் பாருங்கள். அதிர்வு தானாகச் சரியான இடத்தில் வந்துவிடும். அப்புறம் உகரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நாக்கு நுனி பற்களுக்கு இடையில் லேசாக எட்டிப் பார்க்க வேண்டும், காற்று அடைபடாமல் ஓட வேண்டும். இவ்வளவுதான். 'ப்ரீது' என்று மெலிந்து முடிந்தால் எழுத்தில் e உண்டு.

எக்ஸ்ரே ரூம்
மேடம் சொன்னதைப் படித்துவிட்டு இங்கேயே சொல்லிப் பார்த்தேன், வருகிறது. வெளிநாட்டு நோயாளிகளுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது நாங்கள் சொல்வது ஒரே வரி: Breathe in, hold your breath. மூச்சை உள்ளே இழுப்பது செய்யும் வேலை, முதல் சொல். பிடித்து வைத்திருப்பது மூச்சு என்ற பொருள், இரண்டாவது சொல். எங்கள் சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் இரண்டுமே e இல்லாமல் இருந்தது. வாயால் சரியாகச் சொல்லிக்கொண்டு தப்பான அட்டைக்குக் கீழே நின்றிருக்கிறார்கள் எல்லோரும்.

ஓய்வு பெற்ற வங்கிக்காரர்
advice பற்றி நானும் சொல்கிறேன். எங்கள் காலத்தில் அது காகிதம். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு கிரெடிட் அட்வைஸ், டெபிட் அட்வைஸ் என்று தபாலில் வரும். வராத advices-க்குத் தனிப் பதிவேடே உண்டு. என் பேத்தி advices என்ற சொல்லே இல்லை என்கிறாள். நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் என்ன?

திருச்சி ஸ்போக்கன் டீச்சர்
ஐயா, நீங்கள் சொல்வது அறிவிப்புத் தாள், அதற்குப் பன்மை உண்டு. பேத்தி சொல்வது புத்திமதி, அதை எண்ண முடியாது. இரண்டு பேரும் சரி.

டிடிபி சார் கேட்டது ஓசை. advice கடைசியில் ஐஸ், ரைஸ் மாதிரி வெறும் 'ஸ்'. advise கடைசியில் wise, eyes மாதிரி அதிரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்தும் இல்லை, வழக்கமும் இல்லை. தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். இன்னொரு அடையாளமும் உண்டு. advise-இல் 'வை' கொஞ்சம் நீண்டு ஒலிக்கும், advice-இல் வெட்டுப்பட்ட மாதிரி நிற்கும். வேகமாகப் பேசுகிறவர்களிடம் கடைசி ஒலியின் அதிர்வு மங்கிப்போகும், அந்த நீளம்தான் காதுக்குக் கிடைக்கும்.

நம் பேச்சில் 'அட்வைஸ் பண்ணாதே' என்கிறோம். பெயர்ச்சொல்லை எடுத்து 'பண்ணு' சேர்த்துக்கொள்கிறோம், அதனால் advise நமக்குத் தேவைப்பட்டதே இல்லை. கடிதத்தில் Kindly-க்கு அடுத்து 'பண்ணு'வையும் சேர்த்து ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கேதான் s.

இலக்கணப்புலி
அப்படியானால் practice, practise?

திருச்சி ஸ்போக்கன் டீச்சர்
அங்கே காது உதவாது. இரண்டும் ஒரே ஒலி. பிரிட்டிஷ் வழக்கில் வினைக்கு s, அமெரிக்கர்கள் இரண்டுக்கும் c. advise-ஐ நினைத்துக்கொண்டு அதே மாதிரி எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

லெஸ்டர் வாசி
எனக்கு மின்னல் கணக்கில்தான் சந்தேகம். இங்கே வேலையிடத்தில் வேகமாகப் பேசும்போது lightening-இலும் நடு உயிரை விழுங்கிவிடுகிறார்கள். தட்டினால் இரண்டுதான் கேட்கிறது.

திருச்சி ஸ்போக்கன் டீச்சர்
நிதானமாகச் சொன்னால் மூன்று வரும் என்பதுதான் என் அனுபவம். நாமே வாயால் சொல்லி எழுதும்போது அது போதும்.

லெஸ்டர் வாசி
எழுதுகிறவருக்குப் போதும் மேடம். அடுத்தவர் சொல்லக் கேட்டு டைப் செய்கிறவருக்குப் போதாது. டிடிபி சார் கடையில் ஆடியோவும் வரும் என்று நினைக்கிறேன்.

பாளை டிடிபி
வரும். வக்கீல் ஆபீஸ் வாய்ஸ் மெசேஜ்தான் பாதி. lighten என்று முன்னால் வைத்து, எதன் பாரம் குறைகிறது என்று வாக்கியத்தில் தேடச் சொல்லியிருக்கிறேன். பாரமோ நிறமோ இல்லாவிட்டால் e வேண்டாம். 'ப்ரீது'வைப் பையன்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அட்வைஸில் அந்த 'வை' நீளத்தைப் பிடிக்க ஒருவனுக்கு மட்டும்தான் காது இருக்கிறது.